இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பதில் கடிதம்

கோடை விடுமுறை தொடங்கும்போது தனியார் பள்ளிகளில் ஒரு சுற்றறிக்கை வரும். "வரும் கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணம் மாற்றியமைக்கப்பட்டுள்ளது. பெற்றோர் வழக்கம்போல் ஒத்துழைப்பு நல்க வேண்டுகிறோம்." அவ்வளவுதான். எவ்வளவு ஏறியது என்பது பணம் கட்டப் போகும்போது கவுண்ட்டரில்தான் தெரியும். பெற்றோர் சிலர் கூடிப் பேசி, கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுப்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது முதல்வரின் மேசையிலேயே தங்கிவிடும். சில பள்ளிகளில் மட்டும் பதில் வரும்.

அந்தப் பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும், அதில் எந்த வரியை நம்பலாம், எந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு பள்ளி வேண்டும். எனவே ஒரு சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை 600 பிள்ளைகள், 38 ஆசிரியர்கள். ஆயா, அலுவலக உதவியாளர், காவலாளி என்று இன்னும் 14 பேர். சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 30,000 ரூபாயாக இருந்தது, இப்போது 32,500 ஆகியிருக்கிறது. ஏன் 2,500 ரூபாய் ஏறியது என்று பெற்றோர் கேட்டிருக்கிறார்கள்.

முதல்வர் எழுதும் முதல் பத்தியில் விலைவாசி பற்றிய புலம்பல் வரக்கூடாது. வர வேண்டியது ஓர் ஆணையின் எண்ணும் தேதியும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளி தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்துகொள்ள முடியாது. 2009-இல் சட்டமன்றம் இயற்றிய கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. முதல் குழுவுக்கு நீதிபதி கே. கோவிந்தராஜன் தலைவராக இருந்தார். 2010-இல் அந்தக் குழு அறிவித்த கட்டணங்கள் போதாது என்று ஆயிரக்கணக்கான பள்ளிகள் போர்க்கொடி தூக்கியதும், கூடுதலாக வாங்கிய பள்ளிகளின் வாசலில் பெற்றோர் மறியல் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

குழு எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதையும் சட்டமே சொல்கிறது. பள்ளி அமைந்திருக்கும் இடம், கட்டட வசதி, நிர்வாகச் செலவும் பராமரிப்புச் செலவும், பள்ளி வளர்வதற்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவை முக்கியமானவை. பள்ளி தன் வரவு செலவுக் கணக்கைக் கொடுத்து இவ்வளவு வேண்டும் என்று கேட்கும். குழு அதைக் குறைத்தோ அப்படியேயோ, வகுப்புவாரியாக, மூன்று கல்வியாண்டுகளுக்கு நிர்ணயித்து ஆணை தரும். அதை மீறி வாங்குவது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டும்.

ஆகவே பதில் கடிதத்தின் தொடக்கம் இப்படி இருந்தால் நல்லது:

"அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம். கட்டணம் குறித்துத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. சுற்றறிக்கையில் விவரம் இல்லை என்ற தங்கள் குறை நியாயமானது. நமது பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு வழங்கிய ஆணையின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் தங்கள் பிள்ளையின் வகுப்புக்கு எதிரே உள்ள தொகையைத்தான் வாங்குகிறோம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் எனக்கு எழுதுங்கள்."

நகலை இணைப்பது மரியாதைக்காகச் செய்வதல்ல. நாம் இங்கே சராசரி என்று பேசும் 32,500 எந்தப் பிள்ளைக்கும் சரியாகப் பொருந்தாது. எல்.கே.ஜி.க்கு அதைவிடக் குறைவாகவும் பத்தாம் வகுப்புக்கு அதிகமாகவும் இருக்கும். சராசரியை மட்டும் சொல்லும் கடிதம் எந்த வகுப்பில் எவ்வளவு ஏறியது என்பதை மூடிவிடும். எல்.கே.ஜி.யில் கட்டணத்தைக் குறைத்துக் காட்டிச் சேர்க்கை பிடித்துவிட்டு, ஆறாம் வகுப்பில் மொத்தமாக ஏற்றும் பள்ளிகள் உண்டு. பெற்றோர் பார்க்க வேண்டியது தங்கள் பிள்ளை அடுத்த ஆண்டு உட்காரப்போகும் வகுப்பின் வரியை.

இன்னொன்று. குழு நிர்ணயிப்பது உச்சவரம்பு. அதற்குக் குறைவாக வாங்க எந்தத் தடையும் இல்லை. "அரசு நிர்ணயித்த கட்டணம், எங்கள் கையில் எதுவும் இல்லை" என்று எழுதும் முதல்வர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார். இவ்வளவு வேண்டும் என்று விண்ணப்பித்தது பள்ளிதான். எவ்வளவு கேட்டோம், எவ்வளவு கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கடிதம் முழுமையாகும்.

நம் பள்ளி 33,800 கேட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண் எங்கிருந்து வந்தது?

பள்ளியின் செலவில் பெரும்பங்கு சம்பளம். ஆசிரியருக்குச் சராசரியாக மாதம் 20,000, மற்றவர்களுக்கு 12,000. இது தாராளமான சம்பளம் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து அரசுப் பள்ளியில் அதே பாடத்தை நடத்தும் ஆசிரியரோடு ஒப்பிட்டால் தெரியும். ஆண்டுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 1 கோடியே 11 லட்சம் வருகிறது. இதற்கு மேல் பள்ளி தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம் கட்ட வேண்டும். சட்டப்படி 15,000 ரூபாய் வரையிலான ஊதியத்துக்குத்தான் அது கட்டாயம். மாதம் 21,000 ரூபாய்க்கு மேற்படாமல் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம்.

பிறகு பணிக்கொடை. இதைப் பல பள்ளிகள் வெகுகாலம் கணக்கிலேயே வைக்கவில்லை. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதல் செல்லுபடியாகும்படி ஆசிரியர்களையும் உள்ளே கொண்டுவந்தது. தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடைசியாக 20,000 ரூபாய் வாங்கி, 20 ஆண்டு வேலை பார்த்து விலகும் ஒரு டீச்சருக்குத் தர வேண்டிய பணிக்கொடை 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். ஆண்டுதோறும் கொஞ்சம் எடுத்து வைக்காத பள்ளி, ஒரே ஆண்டில் மூன்று டீச்சர்கள் ஓய்வுபெற்றால் திணறிவிடும். நம் பள்ளி எடுத்து வைக்கிறது. எல்லாம் சேர்த்து ஊழியர் செலவு 1 கோடியே 30 லட்சம்.

மின்சாரம், பழுதுபார்ப்பு, ஆய்வகம், தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, காப்பீடு, அச்சுச் செலவு எல்லாம் 32 லட்சம். ஆக, கதவைத் திறந்து வைத்திருக்க மட்டும் 1 கோடியே 62 லட்சம் தேவை. இது போகக் கூரை மாற்ற, கழிப்பறை கட்ட, பழைய பெஞ்சுகளை மாற்ற ஆண்டுக்கு 10 லட்சமாவது ஒதுக்கினால்தான் பத்து ஆண்டு கழித்தும் பள்ளி பள்ளியாக இருக்கும். மொத்தம் 1 கோடியே 72 லட்சம்.

இனி வரவு. 600 பிள்ளைகளில் 90 பேர் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள். கட்டணம் கட்டுவோர் 510 பேர்தான். அவர்கள் தலா 30,000 கட்டினால் 1 கோடியே 53 லட்சம். அந்த 90 பேருக்காக அரசு திருப்பித் தரும் தொகை, பிள்ளைக்கு 12,000 என்று வைத்துக்கொண்டால், 10 லட்சத்து 80 ஆயிரம். மொத்த வரவு 1 கோடியே 63 லட்சத்து 80 ஆயிரம். அன்றாடச் செலவு போக மிஞ்சியது 1 லட்சத்து 80 ஆயிரம். கூரைக்கு ஒதுக்க வேண்டிய 10 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 8 லட்சத்து 20 ஆயிரம் துண்டு விழுகிறது.

இந்த நிலையில் அடுத்த ஆண்டு சம்பளத்தை 7 சதவீதம் ஏற்றுகிறார்கள். ஊழியர் செலவு 9 லட்சத்து 10 ஆயிரம் கூடுகிறது. மற்ற செலவுகளும் 2 லட்சம் ஏறுகின்றன. பழைய துண்டையும் சேர்த்தால் புதிதாகத் தேடவேண்டியது 19 லட்சத்து 30 ஆயிரம். இதை 600-ஆல் வகுக்க முடியாது, 510-ஆல்தான் வகுக்க முடியும். பிள்ளைக்கு 3,784 ரூபாய் வருகிறது. அதைத்தான் முழுமையாக்கி 33,800 என்று கேட்டார்கள். 30,000-க்கு அது 12 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஏற்றம்.

பெற்றோருக்கும் பள்ளிக்கும் சண்டை மூள்வது இந்த இடத்தில்தான். "டீச்சருக்கு 7 சதவீதம்தானே ஏற்றினீர்கள்? எங்களுக்கு ஏன் 12?" என்று கேட்பார்கள். கேள்வியில் தவறே இல்லை. பதில், 3,784-ஐப் பிரித்துப் பார்த்தால் கிடைக்கும். சம்பள ஏற்றத்துக்கு 1,784 ரூபாய், மற்ற செலவுகளுக்கு 392, மீதி 1,608 பழைய துண்டுக்கு. கட்டணம் ஏற்றாமல் தள்ளிப்போட்ட ஆண்டுகளின் கணக்கு அந்த 1,608-இல் உட்கார்ந்திருக்கிறது. "மூன்று ஆண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தவே இல்லை" என்று முதல்வர்கள் பெருமையாக எழுதும் வரி, உண்மையில் கடன் சேர்த்து வைத்த கதை. கொரோனா காலத்திலிருந்து இந்தத் துண்டைச் சுமந்து வரும் பள்ளிகள் பல. 2020-21-இல் 75 சதவீதக் கட்டணத்தை இரண்டு தவணையாக வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதையும் கட்ட முடியாத குடும்பங்கள் ஏராளம்.

சதவீதத்தை மட்டும் சொல்லும் கடிதம், அது 7 என்றாலும் 12 என்றாலும், எதையும் விளக்காது. ரூபாயாகப் பிரித்துக் காட்டும் கடிதம்தான் விளக்கும்.

இந்தப் பள்ளி கேட்டது 33,800 என்றாலும் குழு தந்தது 32,500. பிள்ளைக்கு 2,500 ரூபாய் ஏற்றம், அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 510 பேரிடமிருந்து கூடுதலாக வருவது 12 லட்சத்து 75 ஆயிரம். சம்பளத்துக்கும் மற்ற செலவுக்கும் 11 லட்சத்து 10 ஆயிரம் போய்விடும். பழைய துண்டில் 1 லட்சத்து 65 ஆயிரம்தான் அடையும். கட்டடத்துக்கு ஒதுக்க வேண்டிய 10 லட்சத்தில் இந்த ஆண்டு மிஞ்சுவது 3 லட்சத்து 45 ஆயிரம்.

நேர்மையான முதல்வர் இதை மறைக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"கூடுதல் 2,500 ரூபாயில் ஏறத்தாழ 1,780 ரூபாய் ஆசிரியர், ஊழியர் சம்பளத்துக்குப் போகிறது. 390 ரூபாய் மின்சாரம், காப்பீடு முதலியவற்றுக்கு. மீதியுள்ள சுமார் 320 ரூபாய் கட்டடப் பராமரிப்புக்கு. இந்தத் தொகையில் நடுநிலைப் பிரிவின் கூரையைச் சரிசெய்ய முடியும். கீழ்த்தளக் கழிப்பறைகளைப் புதிதாகக் கட்டும் வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளியிருக்கிறோம். கட்டணம் ஏறியும் கழிப்பறை ஏன் மாறவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்."

கடைசி வாக்கியத்தில் என்ன செய்ய முடியாது என்பதும் வந்துவிட்டது. கட்டணம் ஏறியதும் ஏ.சி. வகுப்பறை வரும் என்று நினைக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

அடுத்தது பெற்றோர் கடிதத்தில் நாசூக்காகவும் பேச்சில் வெளிப்படையாகவும் வரும் கேள்வி. "இலவசமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து நாங்கள் கட்டுகிறோமா?"

முதல்வரின் பேனா தடுமாறும் இடம் இது. கணக்குப்படி ஓரளவுக்கு ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டப்படி, அரசு தன் பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, தனியார் பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் திருப்பித் தரும். நம் உதாரணத்தில் அரசு தருவது 12,000, கட்டணமோ 32,500. இடைவெளியைப் பள்ளிதான் தாங்குகிறது, பள்ளி தாங்குவது எங்கிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த 12,000-உம் உரிய ஆண்டில் வந்து சேராமல் தாமதமாவது பழகிப்போன விஷயம். 2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசின் நிதி வராத சிக்கலில் தமிழ்நாட்டில் இந்த ஒதுக்கீட்டின் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. நம் பள்ளிக்கு அந்த 10 லட்சத்து 80 ஆயிரம் ஓர் ஆண்டு வராமல் போனால், மிஞ்சிய 3 லட்சத்து 45 ஆயிரமும் கரைந்து, ஏப்ரல் சம்பளத்துக்குத் தாளாளர் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் இதை எழுதும்போது அந்த 90 பிள்ளைகளும் அதே வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை முதல்வர் மறக்கக் கூடாது. கடிதம் எல்லா வீட்டுக்கும் போகும், அவர்கள் வீட்டுக்கும் போகும். "அரசிடமிருந்து வரவேண்டிய தொகை தாமதமாகிறது, அதைக் கேட்டு எழுதியிருக்கிறோம்" என்று அரசை நோக்கி எழுத வேண்டியதை, "இலவச மாணவர்களால் ஏற்படும் சுமை" என்று பிள்ளைகளை நோக்கி எழுதிவிட்டால், அடுத்த நாள் விளையாட்டு மைதானத்தில் அதன் விளைவு தெரியும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு 2,500 ரூபாய் ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல. அவருக்கு முழுக் கட்டணமும் புதுச் செலவு. கடிதத்தில் அவருக்கென்று ஒரு வரி இருப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுவதாக முதல்வர் எழுதினால் அந்தப் பள்ளியைப் பற்றி நல்ல எண்ணம் வரும்.

இதுவரை நாம் போட்டது நேர்மையான கணக்கு. நேர்மையற்ற கணக்கு எப்படி இருக்கும்?

மின்கட்டணத்திலோ சாக்பீஸ் செலவிலோ ஏமாற்றிப் பெரிதாக எதுவும் சேர்க்க முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று வாடகை. பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளை, நிலம் தாளாளரின் குடும்பத்துக்குச் சொந்தம். அறக்கட்டளை குடும்பத்துக்கு வாடகை கொடுக்கிறது. இதுவே தவறு என்று சொல்லிவிட முடியாது. இடத்துக்கு வாடகை எங்கும் உண்டு. ஆனால் அந்தத் தெருவில் மற்றவர்கள் தரும் வாடகையைவிட அது பல மடங்கு அதிகமாக இருந்தால், லாபத்துக்குச் செலவு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று பொருள். கல்வி நிறுவனம் நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், லாபவேட்டை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னது. உபரி என்று காட்டினால் கேள்வி வரும், வாடகை என்று காட்டினால் வராது. ஆகவே பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது இடம் கட்டடம். ஒரே கட்டடத்தை மூன்று முறை கணக்கில் ஏற்ற முடியும். கட்டடம் பழசாகிறது என்று தேய்மானம் ஒரு வரி. அதைக் கட்ட வாங்கிய வங்கிக் கடனின் தவணை இன்னொரு வரி. கட்டட வளர்ச்சி நிதி என்று மூன்றாவது வரி. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தெரியும். ஆனால் கடனின் அசலையும் கட்டிக்கொண்டு, அதே செங்கல்லுக்குத் தேய்மானமும் எடுத்தால், பெற்றோர் ஒரே சுவருக்கு இரண்டு முறை காசு கொடுக்கிறார்கள். அதோடு, கட்டப்படும் புதுக் கட்டடம் இந்தப் பிள்ளைகளுக்கா, இல்லை அடுத்த ஆண்டு தொடங்கப்போகும் சி.பி.எஸ்.இ. பிரிவுக்கா என்பதையும் கேட்க வேண்டும். எதிர்காலப் பள்ளிக்கு இன்றைய பிள்ளைகள் பணம் கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெற்றோர் ஆடிட்டராக இருக்க வேண்டியதில்லை. பதில் கடிதத்தில் "இதர செலவுகள்" என்ற வரி எவ்வளவு பெரியது என்று பார்த்தால் போதும். சம்பளத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மீதி அனைத்தையும் "நிர்வாகம் மற்றும் இதர செலவு" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தால் அந்த மூட்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். "சம்பளம் ஏற்றுகிறோம்" என்று பெற்றோரிடம் எழுதிவிட்டு, ஆசிரியர் கையில் ஒன்றும் ஏறாமலே விடுவதும் உண்டு. ஜூலையில் உங்கள் பிள்ளையின் டீச்சரைப் பார்க்கும்போது இயல்பாகப் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற வசூல்களுக்கும் கடிதத்தில் இடம் வேண்டும். பஸ் கட்டணம் பஸ்ஸில் வருபவர்களுக்கு மட்டும், அதற்குத் தனிக் கணக்கு. அபாகஸ், கராத்தே, ஸ்மார்ட் கிளாஸ், ஆண்டுவிழா என்று வருபவற்றில் எது விருப்பம், எது கட்டாயம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கட்டாயம் என்றால் அது கட்டணம்தான். வேறு பெயரில் வாங்கினாலும் குழுவின் உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். 32,500-க்கு ரசீதும், 6,000-க்குத் துண்டுச்சீட்டும் கொடுக்கிறார்கள் என்றால் துண்டுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

கட்ட முடியாதவர்களைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பதில்தான் ஒரு முதல்வரின் தரம் தெரியும். ஆண்டுதோறும் நூற்றில் நாலைந்து குடும்பங்கள் முழுதாகக் கட்ட மாட்டார்கள். நெசவு நின்றுபோயிருக்கும், அப்பாவுக்கு விபத்து ஏற்பட்டிருக்கும், சீட்டுக் கம்பெனி ஓடிப்போயிருக்கும். நம் பள்ளிக்கு அந்தப் பாக்கி ஆண்டுக்கு 6 லட்சத்தைத் தொடும். மேலே போட்ட கணக்கில் இதை நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். கட்டாதவர்களின் பாக்கியை முன்கூட்டியே கட்டுகிறவர்களின் கட்டணத்தில் ஏற்றுவது சுலபம். அதைச் செய்யாத பள்ளி, "பாக்கித் தொகை எதுவும் இந்தக் கட்டணத்தில் சேர்க்கப்படவில்லை" என்று தைரியமாக எழுதலாம்.

பாக்கியை எப்படி வசூலிப்பது என்பதையும் எழுத வேண்டும். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளியில் படித்த யாருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வந்த பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்பார்கள். இது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கட்டாயக் கல்விச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை பள்ளியைவிட்டு நீக்கவும் முடியாது. மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பாக்கி கேட்பதும் செல்லாது. டி.சி. என்பது கடன் வசூலிக்கும் கருவி அல்ல, அதில் கட்டண பாக்கி என்று குறிப்பு எழுதக்கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்டவழிகள் உண்டு, அவை பெற்றோர்மேல் பாய வேண்டியவை. பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கட்டணத்தை ஜூன், அக்டோபர், ஜனவரி என மூன்று தவணையாகக் கட்டலாம். அதுவும் இயலாதவர்கள் தயங்காமல் என்னை நேரில் வந்து பாருங்கள். காரணத்தை எழுதித் தந்தால் மாதத் தவணைக்கு ஏற்பாடு செய்யப்படும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையிடம் கட்டணம் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆசிரியர்களுக்கு எழுத்தில் சொல்லியிருக்கிறேன்."

இந்தப் பத்தி இல்லாத கடிதத்தில் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு குறை இருக்கவே செய்யும். "கட்டணம் அதிகம் என்று கருதுவோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்ற வரி இருந்துவிட்டால், மற்ற பத்திகளைப் படிக்கவே தேவையில்லை. அந்த மிரட்டல் பள்ளிக்கும் நல்லதல்ல. கட்டுகிற 510 பேரில் 20 பேர் விலகினாலும் 38 ஆசிரியர்களும் இருந்தாக வேண்டும், விளக்கும் எரிந்தாக வேண்டும். முழுத் தேவைக்கும் கணக்குப் போட்டால் மீதமுள்ள ஒவ்வொருவர் தலையிலும் இன்னும் சுமார் 1,380 ரூபாய் ஏறும். சிறு பள்ளிகள் மூடப்படுவது பெரும்பாலும் இந்தச் சுழலில் சிக்கித்தான். கட்டணம் ஏறப் பிள்ளைகள் குறைவார்கள், பிள்ளைகள் குறையக் கட்டணம் ஏறும்.

ஒரு விஷயத்தில் முதல்வர்களுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போடுவது அவர்கள்தான், கட்டணத்தை முடிவு செய்வது பெரும்பாலும் தாளாளர். குழுவுக்குப் போன வரவு செலவுக் கணக்கைப் பார்த்தே இராத முதல்வர்கள் நிறைய உண்டு. தாளாளர் சொன்னதைத் தங்கள் பெயரில் எழுதி, பெற்றோர் முன் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். தானும் மாதச் சம்பளக்காரர் என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது. பொத்தாம்பொதுவாகப் பதில் எழுதுகிற முதல்வர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட வேண்டாம். அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால், பெற்றோர் அடுத்த கடிதத்தைத் தாளாளருக்கும் முதல்வருக்கும் சேர்த்தே முகவரியிட்டு எழுதுவது நல்லது. சந்திப்புக்குத் தேதி கேட்கும்போது, ஆணையின் நகல், அதற்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், கடந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு மூன்றும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று குறிப்பிடலாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவதைவிட, கணக்குப் பார்க்கத் தெரிந்த நான்கு பேர் இந்த மூன்று தாளையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்வது பலன் தரும். ஆணையில் உள்ள தொகையும் ரசீதில் உள்ள தொகையும் பொருந்தினால், வாதாட மீதியிருப்பது பள்ளி எதற்கு முன்னுரிமை கொடுக்கிறது என்பது மட்டும்தான். கூரையா கழிப்பறையா என்பது போன்ற அந்த வாதத்தைப் பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம். பொருந்தவில்லை என்றால் இரண்டின் நகலையும் இணைத்து, கட்டண நிர்ணயக் குழுவுக்கும், மாவட்டத்தில் தனியார் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி அலுவலருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்ப வேண்டும். முதல்வர் எழுதிய பதில் கடிதத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். பள்ளி எழுத்தில் சொன்னது என்ன, வாங்கியது என்ன என்று விசாரணையில் முதலில் கேட்பார்கள்.